இடம் வாங்குவதா, இருப்பதைக் குறைப்பதா?



எங்கள் மூத்த லாத்தாவின் மகனுக்குக் கல்லூரியிலிருந்து வரவேண்டிய மின்னஞ்சல் வரவில்லை. சேர்க்கைக் கட்டணம் கட்டவேண்டிய தேதி நெருங்கியபோது, பிள்ளை நேரில் போய்க் கேட்டான். "இரண்டு முறை அனுப்பினோம், இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது" என்றார்கள். விண்ணப்பத்தில் அவன் கொடுத்திருந்தது தன் உம்மாவின் ஜிமெயில் முகவரி. லாத்தாவின் கணக்கில் இலவசமாகக் கிடைத்த 15 ஜிபி இடமும் நிரம்பிவிட்டிருந்தது. அது நிரம்பிவிட்டால் கடிதம் உள்ளே நுழையாது. அனுப்பியவருக்குத்தான் 'பெட்டி நிறைந்துள்ளது' என்ற பதில் போகும். பெறவேண்டியவருக்கு ஒன்றும் தெரியாது. ஃபோனின் மேற்பகுதியில் சில வாரங்களாக வந்துகொண்டிருந்த எச்சரிக்கையை, மற்ற எல்லா எச்சரிக்கைகளையும் போலவே, லாத்தா விரலால் தள்ளிவிட்டிருந்தார்.

அல்ஹம்துலில்லாஹ், கட்டணத்தை உரிய நாளில் கட்டிவிட்டோம். ஆனால் அன்று மஃரிபுக்குப் பிறகு வீட்டில் ஒரு வழக்காடு மன்றமே நடந்தது. மச்சான், "மாதம் நூற்றி முப்பது ரூபாய்தானே, கட்டிவிட்டுப் போவோம், இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்றார். உம்மாவோ, "ஜும்ஆ முபாரக் படத்தையும் ஆட்டம் போடுகிற குழந்தை வீடியோவையும் வைத்துக்கொள்ள மாதா மாதம் வாடகையா?" என்று கேட்டார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்ததால் அன்று முடிவு ஏற்படவில்லை. பின்னர் லாத்தாவின் கணக்கைத் திறந்து, எண்ணிப் பார்த்து, நேரத்தையும் குறித்துக்கொண்டு நாங்கள் கண்டதை இங்கே எழுதுகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இடம் நிரம்பியவுடன் ஒரே ஒரு மாதத்திற்குப் பணம் கட்டுங்கள்; அந்த மாதத்திற்குள் ஒரு மாலைப் பொழுது மட்டும் சுத்தம் செய்யுங்கள்; அதற்கு மேல் சுத்தம் செய்யாதீர்கள்.

முதலில், இந்த 15 ஜிபி எதற்கெல்லாம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு கூகுள் கணக்கில் ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் கூகுள் ஃபோட்டோஸுக்கும் சேர்த்துத்தான் இந்த அளவு. 2021 ஜூன் மாதத்திற்கு முன்பு, சற்றுச் சுருக்கப்பட்ட தரத்தில் ஏற்றிய புகைப்படங்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. அந்த நாள் முதல் ஏற்றும் ஒவ்வொரு படமும் சேர்கிறது. ஆண்ட்ராய்டு ஃபோன்களில் வாட்ஸ்அப் எடுத்துவைக்கும் பேக்கப்பும் முன்பு கணக்கில் சேராமல் இருந்தது. இப்போது அதுவும் சேர்கிறது. பல ஆண்டுகளாக நிறையாத கணக்கு திடீரென்று நிறைந்துவிட்டதாக நம்மவர்கள் வியப்பதற்குக் காரணம் இந்த இரண்டும்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஃபோனுக்குள் இருக்கும் இடம் வேறு; கிளவுடில் இருக்கும் இடம் வேறு. ஃபோட்டோஸ் செயலியில் Free up space என்ற பொத்தானை அழுத்தினால், கிளவுடுக்கு ஏறிவிட்ட படங்களின் ஃபோன் பிரதிகள் மட்டும் நீங்கும். ஃபோன் காலியாகும், 15 ஜிபியில் ஒரு துளியும் குறையாது. லாத்தா இதை நான்கைந்து முறை செய்துவிட்டு, "எவ்வளவு அழித்தாலும் குறையவே இல்லை" என்று அலுத்துப் போயிருந்தார். அதைவிட ஆபத்தான விளைவு ஒன்று உண்டு. அதன்பிறகு அந்தப் படங்களுக்குக் கிளவுடில் உள்ளது மட்டுமே ஒரே பிரதி.

இனி மச்சானின் வாதம். 100 ஜிபி தரும் அடிப்படைச் சந்தாவுக்கு நாங்கள் கட்டியது மாதம் 130 ரூபாய். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 1300. பெருந்தொகை அல்ல. கடிதங்கள் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் அதைக் கட்டுவதுதான் அறிவுடைமை என்றே நாங்கள் கருதுகிறோம். ஏனென்றால் இடம் நிரம்பிய பதற்றத்தில் உட்கார்ந்து அழிப்பவர் கைக்குக் கிடைத்ததை அழிப்பார். அப்படி அழித்து வருந்தியவர்களை நாங்கள் அறிவோம். 130 ரூபாய் கொடுத்து வாங்கவேண்டியது 85 ஜிபி கூடுதல் இடத்தை அல்ல. நிதானமாக யோசிக்க ஒரு மாத அவகாசத்தை. எனவே அன்றிரவே மாதச் சந்தாவைக் கட்டினோம். ஆண்டுச் சந்தா வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தோம்.

அத்தோடு விட்டுவிட்டால் என்ன என்று மச்சான் கேட்டதற்கு எங்கள் பதில் இதுதான். சந்தா என்பது வாடகை. 15 ஜிபிக்குள் இருப்பவர் விரும்பினால் இன்றே சந்தாவை நிறுத்தலாம். சுத்தம் செய்யாமல் பணம் மட்டும் கட்டிக்கொண்டே போனவர் நான்கு ஆண்டுகளில் 50 அல்லது 60 ஜிபியில் இருப்பார். அவரால் நிறுத்தவே முடியாது. நிறுத்தினால் மறுபடியும் கடிதம் வராது, படம் ஏறாது. அளவைத் தாண்டிய நிலையில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தால் உள்ளே இருப்பவை நீக்கப்படவும் கூடும் என்பது விதி. 15.6 ஜிபியை ஒரு மாலையில் பாதியாக்கலாம். 60 ஜிபியை 15க்குக் கொண்டுவருவதற்கு யாருக்கும் பொறுமை இருக்காது. இடம் கூடினால் கவனம் குறைவது மனித இயல்பு. வாடகை வீட்டில் பரண் பெரிதாக இருந்தால் பழைய சாமான் சேராமலா இருக்கும்?

சந்தா கட்டிய மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு உட்கார்ந்தோம். one.google.com/storage என்ற பக்கத்தைத் திறந்தால் எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பது தனித்தனியே தெரியும். லாத்தாவின் கணக்கில் புகைப்படங்களும் வீடியோக்களும் 8.2 ஜிபி, வாட்ஸ்அப் பேக்கப் 5.1 ஜிபி, கடிதங்கள் 1.7 ஜிபி, டிரைவில் உள்ள கோப்புகள் 0.6 ஜிபி, மொத்தம் 15.6. மூன்று வாரங்களுக்கு முன்பு 15.0 ஆக இருந்தது. ஆக, மாதத்திற்குச் சுமார் 0.8 ஜிபி ஏறிக்கொண்டிருந்தது. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டோம். முடிவெடுக்கும்போது இதுதான் உதவியது.

சுத்தம் செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள். கடிதப் பெட்டியைத் திறந்து விளம்பரக் கடிதங்களை ஒவ்வொன்றாக அழிப்பார்கள். எழுத்து மட்டும் உள்ள கடிதங்கள் ஆயிரக்கணக்கில் அழிந்தாலும் கணக்கில் பெரிதாக எதுவும் குறையாது. அரை மணி நேரம் உழைத்தும் எண் அசையவில்லையே என்று சோர்ந்து எழுந்துவிடுவார்கள். எங்கே கனம் இருக்கிறதோ அங்கே கை வைக்கவேண்டும். லாத்தாவின் கணக்கில் கனம் இருந்தது வாட்ஸ்அப்பிலும் வீடியோக்களிலும்.

வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் Storage and data என்பதற்குள் Manage storage என்று ஒரு பக்கம் உள்ளது. 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகவும், பலமுறை முன்னனுப்பப்பட்டவை தனியாகவும், அதன்கீழ் எந்த உரையாடல் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பது பெரியதிலிருந்து சிறியதாகவும் வரிசையாக இருக்கும். பலமுறை முன்னனுப்பப்பட்டவற்றை லாத்தா ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மொத்தமாக அழித்தார். வெள்ளிக்கிழமை வாழ்த்துப் படங்கள், ரமளான் கால உரைத் துணுக்குகள், சமையல் குறிப்புகள், எந்த ஊரில் எப்போது நடந்தது என்று தெரியாத விபத்துக் காட்சிகள் எல்லாம் போயின. அழிக்கத் தயங்கிய ஒரே வகை பயான் வீடியோக்கள். "மார்க்க விஷயத்தை எப்படி அழிப்பது?" என்று கேட்டார். அழிப்பது ஃபோனில் உள்ள பிரதியைத்தான். அந்த உரை யூட்யூபில் இருக்கத்தான் செய்கிறது, ஆறு மாதமாக நீங்கள் அதைத் திறக்கவும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எங்கள் வாப்பா மவ்த்தாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குடும்பக் குழுவில் அவர்கள் அனுப்பிய குரல் பதிவுகள் இருக்கின்றன. "மருந்து சாப்பிட்டியாம்மா", "பிள்ளைகளை மதரஸாவுக்கு அனுப்பியாச்சா" என்பன போன்ற சின்னச் சின்னப் பேச்சுகள். குடும்பக் குழு பட்டியலில் இரண்டாவது இடத்தில் இருந்ததால், அதைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிடலாம் என்று எங்களில் ஒருவர் கை நீட்டினார். லாத்தா தடுத்துவிட்டார். ஒரு நிமிடக் குரல் பதிவு ஒரு சாதாரணப் புகைப்படத்தைவிடச் சிறியது. நூறு பதிவுகளை அழித்தாலும் மிச்சமாவது ஒரு நடுத்தர வீடியோவின் இடம்கூட இல்லை. அந்தக் குழுவில் கனமாக இருந்தவை கல்யாண வீட்டு வீடியோக்கள். ஆகவே குழுவைத் திறந்ததும் அளவின்படி வரிசைப்படுத்தி, மேலே உள்ள இருபது முப்பதை மட்டும் பார்த்து, அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். வாப்பாவின் பதிவுகளுக்கு நட்சத்திரக் குறி இட்டோம். உரையாடலைத் துடைக்கும்போது நட்சத்திரமிட்டவற்றையும் சேர்த்து நீக்கவேண்டுமா என்று வாட்ஸ்அப் தனியாகக் கேட்கும். அதோடு நில்லாமல் அவற்றைத் தேர்ந்தெடுத்து மின்னஞ்சல் வழியாகக் கணினிக்கும் அனுப்பிக்கொண்டோம்.

அழித்து முடித்தபின் கிளவுடில் எண் குறையவில்லையே என்று திகைக்க வேண்டாம். பழைய பேக்கப் அங்கே அப்படியேதான் இருக்கும். Chats என்பதற்குள் Chat backup பகுதிக்குப் போய்ப் புதிதாக ஒரு பேக்கப் எடுத்தால்தான் பழையதன் இடத்தில் சிறியது அமரும். அங்கேயே வீடியோக்களைச் சேர்க்கவேண்டாம் என்று சொல்லும் வசதியும் உண்டு. லாத்தாவுக்கு அதை அணைத்துவிட்டோம். 5.1 ஜிபி 1.4 ஆயிற்று. செலவானது நாற்பது நிமிடம்.

அடுத்துக் கண்டதுதான் எங்களை வியக்கவைத்தது. லாத்தாவின் ஃபோட்டோஸ் செயலியில், கேமரா படங்களோடு வாட்ஸ்அப் படங்களின் கோப்புறையும் பேக்கப் ஆகும்படி யாரோ எப்போதோ அனுமதித்திருக்கிறார்கள். புதிய ஃபோன் வாங்கிய அன்று வந்த கேள்விக்கெல்லாம் 'ஆம்' என்று அழுத்தியதன் விளைவாகத்தான் இருக்கும். இதனால் குழுவில் வரும் ஒரே படம் வாட்ஸ்அப் பேக்கப்பில் ஒருமுறையும் ஃபோட்டோஸில் ஒருமுறையுமாக இரண்டு முறை இடம் பிடிக்கிறது. வாட்ஸ்அப்பில் அழித்தாலும் ஃபோட்டோஸில் ஏறிய பிரதி போகாது. செயலியின் பேக்கப் அமைப்புகளில் Back up device folders என்பதைத் திறந்து, வாட்ஸ்அப் கோப்புறைகளை அணைத்தோம். ஏற்கெனவே ஏறியிருந்தவற்றை photos.google.com/quotamanagement என்ற பக்கத்தில் பிடித்தோம். பெரிய வீடியோக்கள், திரைப்பதிவுகள், மங்கலான படங்கள், பிற செயலிகளிலிருந்து வந்தவை என்று அங்கே வகை பிரித்தே காட்டுகிறது. பிற செயலிகள் என்ற வகையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்ததில் 1.7 ஜிபி குறைந்தது. பெரிய வீடியோக்கள் 31 இருந்தன. ஒன்பதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கியதில் 2.5 ஜிபி. அதற்கு அரை மணி நேரம்தான் ஆனது.

ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ஒரு பிழையும் செய்தோம். நீக்கியவற்றில் ஒன்று, வாப்பாவின் கடைசி நோன்புப் பெருநாளன்று வாசலில் பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கொடுத்ததை எடுத்த வீடியோ. 'ஃபோனில் பிரதி இருக்கிறதே, கிளவுடில் உள்ளதை அழித்தால் என்ன' என்று நினைத்து அழித்துவிட்டோம். ஃபோட்டோஸ் செயலியில் ஒன்றை நீக்கினால், அது கிளவுடிலும் போகும், அந்தக் கணக்கோடு இணைந்த ஃபோனிலும் போகும். இரவு கேலரியில் தேடியபோது காணவில்லை. லாத்தா ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். நீக்கப்பட்டவை குப்பைத்தொட்டியில் 60 நாட்கள் இருக்கும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது, மீட்டெடுத்தோம். கிளவுடுக்கு ஏறாத படமாக இருந்தால் 30 நாட்களே கெடு. 'எல்லாம் முடிந்தது, தொட்டியையும் காலி செய்வோம்' என்று அன்றே காலி செய்திருந்தால் யாராலும் மீட்டிருக்க முடியாது. எனவே ஃபோட்டோஸின் குப்பைத்தொட்டியை நீங்கள் காலி செய்யாதீர்கள். அது தானாகக் காலியாகட்டும். சுத்தம் செய்யத் தொடங்குமுன்பே, இழக்கக்கூடாதவற்றை ஒரு ஹார்டு டிஸ்கிலோ வீட்டுக் கணினியிலோ படியெடுத்து, அங்கே திறந்து ஓடவிட்டும் பார்த்துவிடுங்கள். நாங்கள் அதைப் பிறகுதான் செய்தோம்.

கடிதங்களில் செய்யவேண்டியது சிறிது. ஜிமெயிலின் தேடுகட்டத்தில் இதைத் தட்டினால், 5 எம்பிக்கு மேற்பட்ட, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய கடிதங்கள் மட்டும் வரும்.

```
has:attachment larger:5M older_than:3y
```

மொத்தமாக அழிக்காமல் தலைப்பை வாசித்து அழியுங்கள். லாத்தாவின் பெட்டியில் உம்ரா விசாவுக்காக உறவினர்கள் அனுப்பிய பாஸ்போர்ட் பிரதிகளும் ஆதார் பிரதிகளும் கிடந்தன. அந்தப் பயணம் முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. பிறருடைய ஆவணங்கள் நம் பெட்டியில் கிடப்பது அமானிதம்; வேலை முடிந்ததும் அழிப்பதுதான் முறை. மாறாக, பிள்ளைகளின் சான்றிதழ்களும் வீட்டுப் பத்திரத்தின் பிரதியும் அதே பட்டியலில் இருந்தன, அவற்றைத் தொடவில்லை. ஜிமெயிலின் குப்பைத்தொட்டியில் கிடப்பவையும் 15 ஜிபியில் சேரும், டிரைவிலும் அப்படியே. அவற்றில் கிடப்பவை 30 நாளில் தாமாகப் போய்விடும், அவசரமென்றால் ஒருமுறை பார்த்துவிட்டுக் காலி செய்யலாம். இருபது நிமிடத்தில் 0.5 ஜிபி. டிரைவில் பிறர் நமக்குப் பகிர்ந்த கோப்புகள் நம் கணக்கில் சேர்வதில்லை, அவற்றுக்கு உரியவரின் கணக்கில்தான் சேரும் என்பதால் அங்கே நேரத்தைச் செலவிடவே இல்லை.

ஆக, இரண்டு மணி பத்து நிமிடத்தில் 15.6 ஜிபி 7.2 ஆயிற்று. மணிக்கு ஏறத்தாழ 4 ஜிபி.

இந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். எங்களில் ஒருவர், "இதே வேகத்தில் புகைப்படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டால் இன்னும் பாதியாகுமே" என்றார். கணக்குப் போட்டோம். மீதம் இருந்தவை ஏறக்குறைய 1200 படங்கள். படத்திற்கு 3 எம்பி என்றால் 3.6 ஜிபி. ஒன்றுக்கு 5 விநாடி கொடுத்தாலும் 1 மணி 40 நிமிடம். மூன்றில் ஒன்றை அழிக்க மனம் வந்தாலும் கிடைப்பது 1.2 ஜிபி. அந்த 5 விநாடி என்பதும் கணக்கில்தான். லாத்தா ஒரு படத்தில் நிற்பார், அதில் இருப்பவர்களைப் பற்றிப் பேசுவார், கண் கலங்குவார். மூன்று மாலைகள் ஆகும். அந்த 1.2 ஜிபி அவருக்கு எத்தனை மாதம் வாங்கித்தரும்? வாட்ஸ்அப் கோப்புறையை அணைத்தபின் அவர் கணக்கில் மாதம் 0.3 ஜிபி மட்டுமே ஏறுகிறது. அப்படியென்றால் நான்கு மாதம். ஆண்டுச் சந்தாக் கணக்கில் அதன் விலை 430 ரூபாய் சொச்சம். மூன்று மாலைகளுக்கும் அந்த மனவருத்தத்திற்கும் 430 ரூபாய் ஈடாகாது என்பது எங்கள் கருத்து. வீண் விரயம் என்ற சொல்லை நம்மவர்கள் பணத்தோடு மட்டுமே சேர்த்துப் பேசுகிறோம். 130 ரூபாயைச் சேமிக்க ஒரு குடும்பத்தலைவியின் மூன்று மாலைகளைச் செலவிடுவதை யாரும் அந்தச் சொல்லால் குறிப்பதில்லை.

முதல் இரண்டு மணி நேரத்தின் கணக்கு வேறு. மீதமிருக்கும் 7.8 ஜிபி, பழைய வேகத்தில் ஏறினால் பத்து மாதத்திற்குள் நிரம்பிவிடும். புதிய வேகத்தில் இரண்டு ஆண்டுகளைத் தாண்டும். இரண்டு ஆண்டுச் சந்தா 2600 ரூபாய். அந்த மாலைக்கு மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூலி கிடைத்ததாக எடுத்துக்கொள்ளலாம். கவனித்தால், அழித்ததைவிடக் குழாயை அடைத்ததுதான் அதிகம் உதவியிருக்கிறது. குழாயை அடைக்காமல் தொட்டியை மட்டும் இறைப்பவர்கள்தான் ஆண்டுதோறும் இதே வேலையைச் செய்கிறார்கள்.

எனினும் இதே அறிவுரையை எங்கள் தம்பிக்குச் சொல்லமாட்டோம். அவன் வீட்டில் மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு எட்டு மாதம். அவன் வளைகுடாவில் இருப்பதால், தம்பி மனைவி பிள்ளை தவழ்வதையும் எழுந்து நிற்பதையும் வீடியோவாக எடுத்து வைக்கிறார். அந்த ஃபோனில் 4K தரம் இயக்கப்பட்டிருக்கிறது. பல ஃபோன்களில் அந்தத் தரத்தில் ஒரு நிமிடத்திற்கு 300 எம்பிக்கு மேல் ஆகிறது. மாதம் 4 ஜிபி ஏறுகிறது. லாத்தாவைப் போல 8 ஜிபியைக் காலி செய்தாலும் இரண்டு மாதத்தில் நிரம்பிவிடும். அந்த வீடியோக்கள் குப்பையும் அல்ல. பிள்ளையின் தகப்பன் அவற்றைத் தான் பார்க்க முடியாத நாட்களுக்குப் பதிலாகப் பார்க்கிறான். கைக்குழந்தையோடு இருக்கும் தாயிடம் மாதாமாதம் கோப்புகளைச் சலித்து எடுக்கச் சொல்வது நியாயமும் அல்ல. அவன் ஆண்டுச் சந்தா கட்டட்டும். கேமரா அமைப்பில் 1080p தரத்திற்கு மட்டும் மாற்றிவிடச் சொன்னோம். இடம் பாதிக்கும் கீழே குறையும், ஃபோன் திரையில் பார்ப்பதற்கு வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

பழைய 4K வீடியோக்களையும் இப்படிச் சுருக்கிவிடலாமா என்று தம்பி கேட்டான். கணினி வழியாக ஃபோட்டோஸ் அமைப்புகளுக்குள் போனால் Recover storage என்ற வசதி இருக்கிறது. மூலத்தரத்தில் ஏறியவற்றை, படங்களென்றால் 16 மெகாபிக்சலுக்கும் வீடியோக்களென்றால் 1080p அளவுக்கும் அது இறக்கிவிடும். உழைப்பே இல்லாத சுத்தம்தான். ஆனால் இறக்கியதை மறுபடி ஏற்ற முடியாது. மூலப் பிரதிகளை takeout.google.com வழியாகத் தரவிறக்கி ஒரு டிஸ்கில் வைத்துக்கொண்ட பிறகே அதைத் தொடவேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும்போது செய்வதாகச் சொல்லியிருக்கிறான்.

தம்பியின் சந்தாவில் லாத்தாவையும் சேர்த்துவிடலாமே என்று மச்சான் கேட்டார். சேர்க்கலாம். ஒருவர் கட்டும் சந்தாவை மேலும் ஐவரோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு உண்டு. ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்கவும் முடியாது. அவரவர் 15 ஜிபி தீர்ந்த பிறகே பொது இடத்தைத் தொடுவார்கள். ஆனால் கட்டுபவர் ஒரு மாதம் மறந்தால், 15 ஜிபியைத் தாண்டி நிற்கும் அனைவருக்கும் ஒரே நாளில் கடிதம் நிற்கும். வளைகுடாவில் வேலை மாறி, வங்கி அட்டை மாறி, சந்தா தானாகக் கட்டப்படாமல் போவது நடக்கக்கூடியதுதான். லாத்தாவின் பெட்டி அவருடைய சொந்த 15 ஜிபிக்குள் இருக்கும்வரை அந்தக் கவலை அவருக்கு இல்லை. எனவே இப்போதைக்குச் சேர்க்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து நிரம்பினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

லாத்தாவின் சந்தாவை அந்த மாத முடிவில் நிறுத்திவிட்டோம். மாதம் பிறந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொள்ளும் பொறுப்பை அவர் மகனிடம் கொடுத்திருக்கிறோம். இதுவரை மூன்று மாதம் குறித்திருக்கிறான்: 7.5, 7.8, 8.1. கல்லூரிக்கு இப்போது அவன் தன் சொந்த முகவரியையே கொடுத்துவிட்டான். உம்மா மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. அந்த 130 ரூபாயையும் கட்டியிருக்க வேண்டியதில்லை என்கிறார்.